பத்தாண்டு வட்டி இறங்கினால் ஏன் பதறுகிறார்கள்?

மும்பை வாசகர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதி ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் வட்டி குறுகிய கால வட்டிக்குக் கீழே இறங்கினால், அதை மந்தநிலை வரப்போவதற்கான எச்சரிக்கை என்று ஏன் சொல்கிறார்கள்? அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

2023இல் ஸ்டேட் வங்கி 400 நாள் டெபாசிட்டுக்கு 7.10 சதவீதம் கொடுத்தது. ஐந்தாண்டுக்குப் போட்டால் 6.50தான். நீண்ட காலம் பணத்தைக் கட்டிப்போடுகிறவருக்குக் குறைந்த வட்டியா? (மாட்டுங்கா வாசகி)

நியாயமான கோபம்தான். ஆனால் வங்கியின் இடத்திலிருந்து பாருங்கள். வட்டி உச்சத்தில் இருக்கிறது, இனி இறங்கும் என்று அது நினைக்கிறது. அப்படியிருக்க, உச்ச வட்டியை ஐந்தாண்டுகளுக்குத் தருவதாக ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? அப்போதைக்குப் பணம் தேவை என்பதால், ஓராண்டுக்குச் சற்று மேல் மட்டும் தாராளமாகக் கொடுத்தது. பத்திரச் சந்தையிலும் இதே கணக்குதான் ஓடுகிறது.

அந்தக் கணக்கைப் புரியும்படி சொல்லுங்கள். வட்டி இறங்குவது நல்லதுதானே, அதில் என்ன எச்சரிக்கை? (செம்பூர் வாசகர்)

ஓராண்டு அரசுப் பத்திரம் இன்று 7 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு அது 5 ஆகிவிடும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். ஒரு லட்சத்தை ஓராண்டு ஓராண்டாகப் போட்டால் இரண்டாண்டு முடிவில் 1,12,350 ரூபாய் கிடைக்கும். இரண்டாண்டுப் பத்திரம் 6 சதவீதம் தந்தால் 1,12,360. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே இரண்டாண்டுப் பத்திரம் 7 சதவீதம் தந்துகொண்டிருந்தால் எல்லோரும் அதன் மேல் பாய்வார்கள். அதன் விலை ஏறும். விலை ஏற ஏற, புதிதாக வாங்குகிறவருக்குக் கிடைக்கும் வருவாய் இறங்கி 6க்கு அருகே வந்து நிற்கும். குறுகிய கால வட்டி மேலே, நீண்ட கால வட்டி கீழே என்ற தலைகீழ் நிலை இப்படித்தான் உருவாகிறது.

எச்சரிக்கை எங்கே என்றால், அந்த 5 என்ற எதிர்பார்ப்பில். மத்திய வங்கி வட்டியை வேகமாகக் குறைப்பது பெரும்பாலும் தொழில் படுத்து, வேலை குறையும்போதுதான். அமெரிக்காவின் ஃபெடரல் ரிசர்வ் 2004 ஜூனில் 1 சதவீதமாக இருந்த வட்டியை 2006 ஜூனுக்குள் 5.25 ஆக்கியது. அந்த ஆண்டின் நடுவிலேயே அங்கு பத்தாண்டுப் பத்திரத்தின் வருவாய், அரசு மூன்று மாதத்துக்குக் கடன் வாங்கும் டிரஷரி பில்லின் வருவாய்க்குக் கீழே போயிற்று. மந்தநிலை தொடங்கியது 2007 டிசம்பரில். பலர் கவனிக்காத ஒன்று: அதற்குள் வட்டி குறைக்கப்பட்டு, தலைகீழ் நிலை நிமிர்ந்துவிட்டிருந்தது. நிமிர்ந்ததும் ஆபத்து நீங்கியது என்று மூச்சுவிட்டவர்கள் ஏமாந்தார்கள்.

தலைகீழ் நிலை மந்தநிலையைக் கணிப்பதோடு நிற்பதில்லை, அதை வரவழைக்கவும் கூடும். குறுகிய காலத்துக்குப் பணம் வாங்கி நீண்ட காலத்துக்குக் கடன் கொடுப்பதுதான் வங்கித் தொழில். வாங்கும் வட்டி கொடுக்கும் வட்டியை நெருங்கினால், புதிய கடன் கொடுக்க வங்கி தயங்கும்.

ஆனால் 2022இல் தலைகீழானதே, மந்தநிலை வரவில்லையே? (முலுண்ட் வாசகர்)

உண்மை. 2022 ஜூலை முதல் இரண்டாண்டுகளுக்கு மேல் அமெரிக்கப் பத்தாண்டு வருவாய் இரண்டாண்டு வருவாய்க்குக் கீழேயே இருந்தது. 2024 இறுதிவரை மந்தநிலை இல்லை. வட்டி குறையும் என்ற எதிர்பார்ப்புக்கு இம்முறை காரணம் வேறு: விலைவாசி தணிந்தாலே வட்டியைக் குறைக்கலாம், தொழில் சரிய வேண்டியதில்லை. 1966இலும் எச்சரிக்கை வந்தது. வளர்ச்சி மெதுவானதே தவிர மந்தநிலை இல்லை. வட்டி குறையும் என்பதைத்தான் சந்தை சொல்கிறது. ஏன் குறையும் என்பதை நாம்தான் தேட வேண்டும்.

இந்தியாவிலும் இதை நம்பலாமா? (டோம்பிவிலி வாசகர்)

மிகுந்த தயக்கத்துடன். 2013 ஜூலையில் ரூபாய் சரிந்துகொண்டிருந்தது. ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்கு அவசரத் தேவைக்குத் தரும் ஓரிரவுக் கடனின் வட்டியை ஒரே இரவில் 8.25இலிருந்து 10.25 ஆக்கியது, வங்கிகளுக்கு வழக்கமாகத் தரும் கடனின் வட்டியான ரெப்போ 7.25 சதவீதத்திலேயே நின்றது. கையில் பணமில்லாத வங்கிகள் திண்டாடின. 91 நாள் டிரஷரி பில்லின் வருவாய் பத்தாண்டுப் பத்திரத்தைத் தாண்டியது. எந்த வர்த்தகரும் மந்தநிலையைக் கணித்து அந்த நிலையை உண்டாக்கவில்லை. ரூபாயைக் காக்கப் பணத்தை இறுக்கியதன் விளைவு அது. செப்டம்பரில் பிடி தளரத் தொடங்கியதும் குறுகிய கால வட்டி இறங்கியது.

இன்னொன்று, நம் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் விதிப்படி அரசுப் பத்திரங்களை வாங்கியே ஆக வேண்டும். அந்தக் கட்டாயத் தேவையும் நீண்ட கால வருவாயை அழுத்துகிறது. எல்லாமே எதிர்பார்ப்பு அல்ல. புதிய வீட்டுக் கடன்களிலும் பெரும்பங்கு ரெப்போவோடு ஏறி இறங்குவதால், மேலே சொன்ன வங்கித் தயக்கமும் இங்கே அவ்வளவு பலமாக வேலை செய்யாது.

தலைகீழான உடனே பங்குகளை விற்றுவிடலாமா? (தானே வாசகர்)

2006 நடுவில் விற்றிருந்தால், 2007 அக்டோபர் வரை அமெரிக்கப் பங்குகள் ஏறியதை வெளியே நின்று பார்த்திருப்பீர்கள். தலைகீழ் நிலைக்கும் மந்தநிலைக்கும் நடுவே சில மாதங்களும் போகலாம், ஒன்றரை ஆண்டும் போகலாம். விற்கும் தேதியை அதில் தேடாதீர்கள்.