சேலைக்கடைக்கு என் வாடிக்கையாளர் நம்பர்களைக் கொடுக்கலாமா?

"காரைக்குடியில் சீர் பலகாரம் செய்து விற்கிறேன். கண்டாங்கி சேலைக்கடைக்காரர் ஒருவர், 'சேர்ந்து விளம்பரம் செய்வோம், ரெண்டு பேரும் வாட்ஸ்அப் நம்பர்களை மாத்திக்குவோம்' என்கிறார். என்னிடம் 1,800 நம்பர் இருக்கிறது. கொடுக்கலாமா?"

கூட்டு சேருங்கள் சகோதரி, நம்பர்களை மட்டும் கொடுக்காதீர்கள்.

மனகோலமும் சீப்புச் சீடையும் சொல்ல வரும் கல்யாண வீட்டுக்காரர்கள் அதே மாதம் சேலையும் எடுப்பார்கள், அதனால் பொருத்தம் நல்ல பொருத்தம்தான். ஆனால் அவர் கடைக்கு வருகிறவர்கள் யார்? ஊர் சுற்றிப் பார்க்க வந்து ஒரு சேலையோடு ரயில் ஏறுகிறவர்களே அதிகம் என்றால் உங்கள் சீர் ஆர்டருக்கு அவர்களால் பயனில்லை. இரண்டு வாரம், பில் போடும்போது "பலகாரம் எங்கே சொல்லுவீங்க?" என்று அவரைக் கேட்டு ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள், நீங்களும் சேலை எங்கே எடுப்பார்கள் என்று கேளுங்கள்.

நம்பர் விஷயத்துக்கு வருகிறேன். டின் தயாரானதும் சொல்வதற்காகத்தான் அந்த நம்பரை உங்களிடம் கொடுத்தார்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எந்தக் காரியத்துக்குச் சம்மதம் வாங்கினோமோ அதற்கு மட்டும்தான் என்கிறது. நான் கடை வைத்திருந்தபோது தெரிந்த ஒருவரிடம் எக்செல் ஃபைலை அப்படியே அனுப்பிவிட்டேன், மூன்றே மாதத்தில் என் வாடிக்கையாளர்களுக்கு மனை விற்பனை மெசேஜ் வர ஆரம்பித்தது. "என் நம்பரை யாருக்குத் தம்பி கொடுத்தே?" என்று ஒரு ஆச்சி போன் போட்டுக் கேட்டது இன்னும் உறுத்துகிறது. போன ஃபைலைத் திரும்ப வாங்க வழியே கிடையாது.

அதனால் உங்கள் ஆட்களுக்கு அவர் கடையைப் பற்றி நீங்கள் அனுப்புங்கள், அவர் ஆட்களுக்கு உங்களைப் பற்றி அவர் அனுப்பட்டும். கடை விளம்பரம் வந்தால் சரி என்று ஏற்கெனவே சொன்னவர்களில் 200 பேர் முதலில் போதும். "'கண்டாங்கி' என்று சொன்னால் 5 சதவீதம் தள்ளுபடி" என்று ஒரு சொல் வையுங்கள், யார் வழியாக வந்தார்கள் என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

எட்டு பேர் ஆளுக்கு 1,500 ரூபாய்க்கு வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாபம் 25 சதவீதம் என்றால் 3,000, தள்ளுபடி 600 போக 2,400 நிற்கும். ஆனால் அந்த எட்டில் ஐந்து பேர் ஏற்கெனவே உங்கள் நோட்டில் இருப்பவர்கள் என்றால்? அவர்கள் எப்படியும் வாங்கியிருப்பார்கள், புதியவர்கள் மூவர் தந்த 1,125-இல் தள்ளுபடி 600 போனால் 525-தான் மிச்சம். பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் கணக்கில் ஏமாறுகிறார்கள். உங்கள் மெசேஜால் அவருக்கு எத்தனை சேலை போனது என்பதையும் கேட்டு வாங்குங்கள், ரொம்ப அதிகமாக இருந்தால் தள்ளுபடிச் செலவை அவர் ஏற்கட்டும்.

"இனி அனுப்பாதீங்க" என்று யாராவது பதில் போட்டால் அன்றே நிறுத்திவிடுங்கள். இவ்வளவுக்கும் பிறகு அவர் 'ஃபைல் இல்லாமல் கூட்டு இல்லை' என்றால், அவருக்கு வேண்டியது கூட்டு இல்லை, பட்டியல்தான். விட்டுவிடுங்கள்.