மின்வேலியில் அடி குறைந்தால்: எர்த்தா, புல்லா, இன்சுலேட்டரா?

கேள்வி: ஐயா, யானைக்குப் பயந்து கச்சான் தோட்டத்தைச் சுற்றி மின்வேலி போட்டேன். மீட்டரில் 6 கிலோவோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது. ஆனாலும் ஆடி மாதத்தில் மாடே கம்பியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறது. மாரியில் இப்படி இருக்கவில்லை. கம்பிக்கு அடி கொடுக்கும் எனர்ஜைசரைப் பெரிதாக வாங்கச் சொல்லிக் கடைக்காரர் நிற்கிறார். வாங்கட்டுமா? (வவுனியா)

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் எனர்ஜைசரில் பழுது இல்லை, எர்த்தில்தான் பழுது. அடி என்பது எனர்ஜைசரிலிருந்து கம்பி வழியே புறப்பட்டு, தொட்ட விலங்கின் உடலால் மண்ணில் இறங்கி, மண்ணின் ஊடாக, நிலத்தில் அறைந்திருக்கும் எர்த் கம்பிக்கு வந்து, மறுபடியும் எனர்ஜைசருக்குள் போய்ச் சேர வேண்டிய ஒரு வட்டம். மீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே இழுக்கும் என்பதால், எர்த் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அதில் நல்ல எண் தெரியும். மாடு தொடும்போது ஓடும் மின்னோட்டம் அதிகம். திரும்பி வரும் பாதையில் தடை இருந்தால், வோல்ட்டின் பெரும் பங்கு எர்த் கம்பியின் அடியிலேயே செலவழிந்து, மாட்டுக்கு மிச்சம்தான் கிடைக்கும். மீட்டரில் நல்ல எண், விலங்குக்கு அடி இல்லை, கோடையில் மோசம், மழையில் சரி என்ற நான்கும் சேர்ந்து வந்தால் எர்த்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு சோதனை உண்டு. எனர்ஜைசரை நிறுத்திவிட்டு, அதிலிருந்து 100 மீற்றருக்குக் குறையாத தூரத்தில் மூன்று நான்கு இரும்புக் கம்பிகளை மண்ணில் அறைந்து வேலிக் கம்பியில் சாய்த்து வையுங்கள். பிறகு எனர்ஜைசரைப் போட்டு, வேலியின் அளவு 2,000 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்காவிட்டால், மறுபடியும் நிறுத்தி, இன்னும் இரண்டு கம்பி சாய்க்க வேண்டும். இப்போது வேலி மீட்டரின் ஒரு முனையை எர்த் கம்பியிலும், மறு முனையை அதிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி ஈரமண்ணில் குத்திய ஆணியிலும் வைத்து அளவுங்கள். 300 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் போதும். அதற்கு மேலே எவ்வளவு ஏறுகிறதோ, அவ்வளவையும் விலங்கிடமிருந்து உங்கள் எர்த் பறிக்கிறது.

இந்தச் சோதனையைத் தொலைபேசியில் சொல்லிக்கொடுத்தபோது, நீங்கள் 1,400 வோல்ட் என்று சொன்னீர்கள். தோண்டிப் பார்த்ததில், கொட்டில் தாழ்வாரத்தின் கீழே மழையே படாத மண்ணில், அரை மீற்றர் நீளமான இரண்டு கொங்கிரீட் கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றிருக்கின்றன; அவற்றில் செப்புக் கம்பியைக் கையால் முறுக்கி விட்டிருக்கிறார்கள், முறுக்கிய இடம் முழுவதும் துரு. இயந்திரம் ஒவ்வோர் அடிக்கும் சேமித்துவைக்கும் சக்தியைச் சேமிப்பு ஜூல் என்பார்கள்; அது ஒன்றுக்கு ஒரு மீற்றர் எர்த் கம்பி என்பது பழகிய கணக்கு. உங்களுடையது 6 ஜூல் இயந்திரம், ஆகவே 2 மீற்றர் நீளமான நாகம் பூசிய கம்பிகள் மூன்றை, ஒன்றுக்கொன்று 3 மீற்றர் இடைவெளியில், கிணற்று நீர் வழிந்தோடும் பக்கமாக அறைந்து, ஒரே கம்பியால் கிளாம்ப் போட்டு இணைக்கச் சொன்னேன். வீட்டு மின்சார எர்த்திலிருந்து அவை 10 மீற்றராவது தள்ளியிருக்க வேண்டும். அதன் பிறகு நீங்கள் சொன்ன அளவு 280 வோல்ட். மூன்று கம்பியின் விலைக்கும் புதிய எனர்ஜைசரின் விலைக்கும் உள்ள தூரம் உங்களுக்கே தெரியும்.

ஆவணியில் மண் இன்னும் காய்ந்தால், எர்த் நன்றாக இருந்தும் விலங்கின் காலடி மண்ணே மின்சாரத்தைக் கடத்தாமல் போகலாம். அப்போது வேலிக் கம்பிகளில் ஒன்று விட்டு ஒன்றை அடி வரும் இணைப்பிலிருந்து கழற்றி எர்த்தோடு இணைத்துவிடுங்கள். இரண்டையும் சேர்த்துத் தொடும் விலங்குக்கு மண்ணின் உதவி இல்லாமலே அடி விழும்.

கேள்வி: எங்கள் வேலியில் விடியற்காலையில் 2.5 கிலோவோல்ட்தான் இருக்கிறது, மத்தியானம் 4.5 ஆகிறது. கார்த்திகையில் தொடங்கிய தொல்லை. எனர்ஜைசர் பழுதா? (மட்டக்களப்பு, படுவான்கரை)

பதில்: காலையில் குறைந்து வெயில் ஏற ஏறக் கூடுகிறது என்றால், பனி நனைத்த புல்தான் காரணம். ஒரு பச்சைத் தண்டு இழுப்பது சொற்பம். வேலி நெடுகிலும் ஆயிரம் தண்டுகள் இழுக்கும்போது அது சொற்பம் அல்ல.

இயந்திரத்தை விலக்கிவிட, வேலிக்குப் போகும் கம்பியைக் கழற்றி, எனர்ஜைசரின் இரு முனைகளிலும் நேரடியாக அளவுங்கள். 8 கிலோவோல்ட் அளவில் காட்டினால் இயந்திரம் நலம். காட்டாவிட்டால், அதைக் குறை சொல்லுமுன் 12 வோல்ட் பற்றரி உண்மையில் 12 வோல்ட்டுக்கு மேலே நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு வேலியை நான்கு பகுதிகளாகப் பிரித்து, தொலைவில் உள்ள பகுதியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகத் துண்டித்து, எனர்ஜைசர் அருகே அளந்துகொண்டு வாருங்கள். ஒவ்வொரு பகுதியைக் கழற்றும்போதும் எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால், கசிவு எங்கும் பரவியிருக்கிறது, அது புல். ஒரே ஒரு பகுதியைக் கழற்றியதும் எண் திடீரென்று துள்ளினால், அந்தப் பகுதியில் ஒற்றைப் பழுது ஒன்று இருக்கிறது; அது உடைந்த இன்சுலேட்டராகவோ, தூணில் முட்டும் கம்பியாகவோ, விழுந்த கிளையாகவோ இருக்கும்.

உங்களுக்கு எண் படிப்படியாகத்தான் ஏறும் என்று நினைக்கிறேன். கீழ்க்கம்பிக்கு அடியில் இரண்டடி அகலத்துக்கு வெட்டித் துப்புரவாக வைத்திருங்கள். வெள்ளம் நிற்கும் மாதங்களில் கீழ்க்கம்பியை மட்டும் தனியே நிறுத்தி வைக்க ஒரு சுவிட்ச் போட்டால், மேல் கம்பிகளின் அடி காப்பாற்றப்படும்.

கேள்வி: வீட்டில் இருந்த சாதாரண மல்டிமீட்டரால் வேலியை அளந்தேன், மீட்டர் எரிந்துவிட்டது. கடையில் மாற்றித் தருவார்களா? (கிளிநொச்சி)

பதில்: தர மாட்டார்கள், தரவும் வேண்டியதில்லை, 1,000 வோல்ட் வரைதான் என்று அதன் முகத்திலேயே எழுதியிருக்கும்.

கேள்வி: நேற்று வரை 6 கிலோவோல்ட் இருந்தது. இரவு தூறல் போட்டது, இன்று 1.8. புல் வெட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை. தூண்கள் இரும்பு. (மன்னார்)

பதில்: இன்சுலேட்டர். புல் ஒரே இரவில் இப்படி இழுக்காது. வெடித்த இன்சுலேட்டர் காய்ந்திருக்கும்போது தன்னை மறைத்துக்கொள்ளும். வெடிப்பில் நீர் புகுந்ததும் கம்பியிலிருந்து தூணுக்குப் பாதை திறந்துவிடும். உங்கள் தூண் இரும்பு என்பதால் ஒன்றே போதும், முழு வேலியையும் அது கீழே இழுத்துவிடும். காய்ந்த மரத்தூணாக இருந்தால் இவ்வளவு கடுமையாகத் தெரிந்திருக்காது.

இந்த வகைப் பழுதை நான் பணம் கொடுத்துப் படித்தேன். சிலாபத்தில் எங்கள் தென்னந்தோட்டத்துக்குக் காட்டுப்பன்றி வந்தபோது, புறக்கோட்டையில் ஒரு கடையில் விலை பாதி என்பதால் மஞ்சள் பிளாஸ்டிக் இன்சுலேட்டர் 200 வாங்கினேன். வெயில் தாங்கும் பிளாஸ்டிக்கா என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. இரண்டாம் வருடம் வேலி சோர்ந்தது. பகலில் நடந்து பார்த்தபோது எல்லாம் முழுதாகவே தெரிந்தன. நிலவில்லாத இரவில் விளக்கை அணைத்துவிட்டு நடந்தபோதுதான், ஒரு மூலைத் தூணிலிருந்து நொடிக்கு ஒன்றாக ‘டிக், டிக்’ என்ற சத்தமும், ஆணித் தலைக்குப் பின்னால் ஊசி முனை அளவில் ஒரு நீலப் பொறியும் தெரிந்தன. காலையில் கழற்றிப் பார்த்தேன்: மயிரிழை போன்ற வெடிப்பு, அதன் ஓரமாகத் தலைமுடி கருகியது போல ஒரு கறுப்புக் கோடு. துடைத்தேன், ஓரிரு நாளில் அதே கோட்டில் மறுபடியும் பொறித்தது. கரி படிந்த கோடு மின்சாரத்துக்குத் தானே வழியாகிவிடும், ஆகவே அதைக் கழுவுவதில் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். அந்த 200ஐயும் மூன்று மாதத்துக்குள் கழற்றினேன்.

மட்டக்களப்புக் கேள்விக்குச் சொன்னபடி பகுதி பகுதியாகத் துண்டித்து இடத்தைக் குறுக்கிக்கொண்டு, இரவில் அந்தப் பகுதியை மட்டும் காதால் தேடுங்கள். மூலைத் தூண்களிலும், கம்பி அதிகம் இழுபடும் இடங்களிலும் முதலில் நில்லுங்கள். கை வைக்கும் முன் எனர்ஜைசரை நிறுத்துங்கள்.

கேள்வி: எனர்ஜைசர் அடி பலவீனமாக இருப்பதால், இரவில் மட்டும் வீட்டுக் கறண்டை நேரே கம்பிக்குக் கொடுக்கலாமா? (அம்பாறை)

பதில்: கூடாது. அது சட்டவிரோதம், அதோடு கொலைக்கருவி. எனர்ஜைசரின் அடி ஒரு நொடியில் மிகச் சிறு பங்கு நேரமே நீடித்து, அடுத்த அடிக்கு முன் தொட்டவர் கையை எடுத்துக்கொள்ள ஏறக்குறைய ஒரு நொடி விடுகிறது. 230 வோல்ட் வீட்டு மின்சாரம் இடைவெளி விடாது. தசை இறுகி, பிடித்த கை பிடித்தபடியே நிற்கும். இந்த நாட்டில் அப்படிப்பட்ட கம்பிகளில் மனிதரும் யானைகளும் செத்திருக்கிறார்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், இதை வாசித்து முடிக்கும் முன் போய்க் கழற்றுங்கள்.

கேள்வி: ஐயா, முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடையில் ‘100 கிலோமீற்றர், 10 கிலோவோல்ட்’ என்று ஒட்டியிருந்த எனர்ஜைசர் வாங்கினேன். எங்கள் 4 ஏக்கருக்கே போதவில்லை. எர்த் சோதனை செய்தேன், 200 வோல்ட்தான். புல் இல்லை, இன்சுலேட்டர் எல்லாம் புதிது. திருப்பிக் கொண்டுபோனால், உங்கள் வேலிதான் பிழை என்று துரத்துகிறார்கள். பில்லும் எழுதித் தரவில்லை. (கொழும்பு 15, தோட்டம் முல்லைத்தீவில்)

பதில்: செய்ய வேண்டிய சோதனைகளை நீங்கள் ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள், ஏமாற்றப்பட்டவர் நீங்கள்தான். இந்த ஒட்டுத்தாள் வியாபாரத்தை நான் பல வருடமாகப் பார்த்துக் கொதிக்கிறேன். கிலோவோல்ட் என்பது சுமை ஏதும் இல்லாதபோது வரும் எண், மலிவான இயந்திரத்தாலும் அதைக் காட்ட முடியும். கிலோமீற்றர் என்பது புல்லே தொடாத ஒற்றைக் கம்பியை மனத்தில் வைத்துச் சொல்வது. 4 ஏக்கர் சதுர நிலத்தின் சுற்றளவு ஏறக்குறைய 510 மீற்றர். ஐந்து கம்பி இழுத்தால் இரண்டரைக் கிலோமீற்றர் கம்பி. 100 கிலோமீற்றர் இயந்திரம் அதற்கே திணறுகிறது என்றால் அந்த 100 எங்கிருந்து வந்தது? வேலிக்குக் கசிவு வந்த பிறகும் அடி மிஞ்சுமா என்பதைச் சொல்லக்கூடிய எண் ஜூல். அதிலும் சேமிப்பு ஜூல், வெளியீட்டு ஜூல் என்று இரண்டு உண்டு. வெளியீடு எப்போதும் சேமிப்பைவிடக் குறைவாகத்தான் இருக்கும், கம்பிக்குப் போவதும் அதுதான். பெட்டியில் வெளியீட்டு ஜூல் எழுதியிராத எனர்ஜைசரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

உங்களுக்கு இப்போது வேண்டியது சாட்சி. வேலிக் கம்பியைக் கழற்றி எனர்ஜைசரின் முனைகளில் வரும் அளவையும், வேலியோடு இணைத்தபின் வரும் அளவையும், எர்த் அளவையும் மீட்டரின் எண் தெரியும்படி படமெடுங்கள். பெட்டியின் ஒட்டுத்தாளையும் எடுங்கள். பணம் கொடுத்ததற்கான வங்கிக் குறுஞ்செய்தி, கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப் எதுவும் இருந்தால் அழிக்காதீர்கள். முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் அல்லது பதில் இல்லாவிட்டால், தாமதிக்காமல் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதுங்கள், 1977 என்ற இலக்கத்திலும் சொல்லலாம். பொருளின் திறனைப் பற்றிப் பொய் சொல்லி விற்றதும், கேட்டும் பற்றுச்சீட்டுத் தராததும் இரண்டு தனி முறைப்பாடுகள். இரண்டையும் ஒரே கடிதத்தில் தனித்தனிப் பந்தியாக எழுதுங்கள்.