கடன் முடிந்த பின் எந்தக் காகிதத்தை எவ்வளவு நாள் வைக்க வேண்டும்? வங்கிப் பணியில் ஓய்வு பெற்றவரின் கேள்வி பதில்

திருச்சி வாசகர்: 2014-ல் வாங்கிய வீட்டுக்கடனை 2022-ல் அடைத்துவிட்டேன். பத்திரம் கைக்கு வந்துவிட்டது சார். அந்தக் கடன் ஃபைல் ஒரு அலமாரியையே அடைத்துக்கொண்டிருக்கிறது, பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். முதலில் tnreginet.gov.in தளத்தில் உங்கள் கிராமம், சர்வே எண் கொடுத்து 2014 முதல் இன்று வரைக்கும் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். கடன் வாங்கியபோது, பத்திரத்தை அடமானமாக வங்கியில் ஒப்படைத்ததைச் சொல்லும் எம்.ஓ.டி. ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருந்தால் அது அதில் ஒரு வரியாக இருக்கும். கடன் முடிந்ததும் வங்கி ஒரு ரசீது ஆவணம் எழுதிக் கொடுத்து அதையும் பதிந்திருந்தால்தான் அதற்குக் கீழே இன்னொரு வரி வரும். பத்திரத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுபவர்களுக்கு அந்த இரண்டாவது வரி இருக்காது. வீட்டை விற்கப் போகும்போதோ, மகள் அதை வைத்துக் கடன் கேட்கும்போதோதான் இது தெரியவரும், அதற்குள் கடன் கொடுத்த கிளையே வேறு கிளையோடு சேர்ந்திருக்கலாம். 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் இணைந்ததே, அது போன்ற இணைப்பில் கணக்கு எண், கிளைப் பெயர் எல்லாம் மாறிவிடும். பழைய எண் போட்ட கடன் அனுமதிக் கடிதமும் கணக்கு முடித்த கடிதமும் உங்களிடம் இருந்தால் புது கிளையில் அரை நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். இல்லாவிட்டால் அலைச்சல்தான்.

அதனால் அனுமதிக் கடிதம், வங்கியில் என்னென்ன பத்திரம் ஒப்படைத்தீர்கள் என்ற பட்டியல், கடன் கணக்கின் முழு ஸ்டேட்மென்ட், பாக்கி இல்லை என்ற கடிதம், பதிந்த ரசீது, இந்த ஐந்தும் வீடு உங்கள் பெயரில் இருக்கும் வரை இருக்கட்டும். மாதத் தவணைச் சீட்டுகளைக் கிழித்துப் போடலாம், எல்லாம் அந்த ஸ்டேட்மென்டிலேயே இருக்கிறது. ஒன்று மட்டும்: எதையும் லேமினேட் செய்யாதீர்கள்.

சட்டம் படிக்கும் மாணவர்: பணம் கட்டியதும் அடமானம் தானாகவே முடிந்துவிடும் ஐயா. வங்கி பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்ததே போதுமான சாட்சி. ரசீது பதிவது வீண் செலவு இல்லையா?

கடன் தீர்ந்தால் அடமானம் நிற்காது என்பது சரி, நீதிமன்றம் வரை போனால் நீங்கள் ஜெயிப்பீர்கள். ஆனால் உங்கள் வீட்டை வாங்க வருபவர் நீதிமன்றத்துக்குப் போகமாட்டார். அவருக்குக் கடன் தரும் வங்கியின் வழக்கறிஞர் வில்லங்கத்தைப் பார்ப்பார், ஒற்றை வரி நிற்கிறது என்று எழுதி ஃபைலைத் திருப்பிவிடுவார். இது பேரம் படிந்து முன்பணமும் வாங்கிய பிறகு நடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பத்திர எழுத்தர் ஒருவர்: பழைய கடன்களில் எம்.ஓ.டி. பதியாமலே பத்திரத்தை மட்டும் வங்கியில் வைத்திருப்பார்கள். அவர்களையும் ரசீது பதிய ஓடவிடாதீர்கள்.

நல்லது, சொன்னதற்கு நன்றி. வில்லங்கத்தில் வரியே இல்லையென்றால் நீக்க ஒன்றுமில்லை, பாக்கி இல்லை என்ற கடிதம் போதும்.

மீண்டும் மாணவர்: அப்படியென்றால் பதியும் செலவை வங்கிதானே ஏற்க வேண்டும்? கடன் வாங்கியவர் தலையில் ஏன்?

கேள்வி நியாயமானது. நடைமுறையில் வாடிக்கையாளர்தான் கட்டுகிறார், உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சண்டை போடுங்கள். இந்த விஷயத்தில் எழுத்தரும் நானும்கூட ஒரே கருத்தில் இருக்க மாட்டோம்.

சேலம் இல்லத்தரசி: போன மாதம்தான் கடனை முடித்தோம், பத்திரம் இன்னும் வரவில்லை. "ஹெட் ஆபீஸிலிருந்து வரணும்" என்றே சொல்கிறார்கள்.

கடன் முடிந்த தேதியிலிருந்து 30 நாளுக்குள் தர வேண்டும் அம்மா. 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதைச் சொல்லியிருக்கிறது, அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தாமதம் வங்கியால் என்றால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். பத்திரம் தொலைந்துவிட்டது என்றால் நகல் வாங்க உதவ அவர்களுக்கு இன்னொரு 30 நாள் உண்டு. வாயால் கேட்காதீர்கள். கடன் முடிந்த தேதியைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள், தேதிதான் உங்களுக்குப் பலம். பத்திரத்தை வாங்கும்போது, கடனுக்காக ஒப்படைத்த பத்திரங்களின் பட்டியலை வைத்து மூலப்பத்திரம் உட்பட ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

ஐ.டி. ஊழியர்: எல்லாமே நெட்பேங்கிங்கில் இருக்கிறதே, ஸ்டேட்மென்ட் எதற்கு வைக்க வேண்டும்?

கணக்கை மூடினால் லாகினும் போய்விடும். ஒரு பரிவர்த்தனையின் பதிவைக் குறிப்பிட்ட சில ஆண்டு வைத்திருக்கத்தான் வங்கிக்குக் கட்டாயம், அதற்கு முந்தையதைக் கேட்டால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஒவ்வொரு ஏப்ரலிலும் போன நிதியாண்டின் ஸ்டேட்மென்டை இறக்கி `2024-25-SB.pdf` என்பது போலப் பெயர் கொடுத்து வையுங்கள். கடவுச்சொல் இல்லாத கோப்பாகச் சேமியுங்கள், பத்து வருடம் கழித்து எந்த எண்ணைப் போட்டோம் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கோவை வாசகி: அப்போ எத்தனை வருஷம் சார்? ஒருத்தர் 3 என்கிறார், ஒருத்தர் 6 என்கிறார், ஆடிட்டர் 10 என்கிறார்.

அவரவர் படித்த ஆண்டின் சட்டத்தைச் சொல்கிறார்கள். வருமான வரியில் பழைய கணக்கைத் திறக்கும் காலக்கெடு பல முறை மாறியிருக்கிறது, 10 என்பது முன்பு பெரிய தொகைக்கு இருந்தது. 2024 செப்டம்பருக்குப் பின் 50 லட்சத்துக்கு மேல் மறைத்த வருமானத்துக்கே ஐந்தேகால் ஆண்டுதான், அதுவும் மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து. 2024-25 வருமானத்துக்கு அது 2031 ஜூன் வரை போகும். வீட்டில் எட்டு ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், மனக்கணக்குப் போட வேண்டாம். வீடு கட்டிய, மாடி எடுத்த பில்கள் மட்டும் இதில் வராது. விற்கும்போது லாபத்தைக் கணக்கிட அவைதான் ஆதாரம், அதனால் விற்ற பிறகு எட்டு ஆண்டு.

ஒரு பாட்டி (பேரன் தட்டச்சு செய்கிறான்): ஃப்ரிட்ஜ் வாங்கின பில்லு வெள்ளையா ஆயிடுச்சு, எழுத்தே தெரியலை.

அது வெப்பத்தில் அச்சாகும் தாள் பாட்டி. பளபள பிளாஸ்டிக் உறையில் போட்டால் இன்னும் சீக்கிரம் மறையும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து வாரண்டி அட்டையோடு சேர்த்து வையுங்கள். இப்போதைக்குக் கடையில் உங்கள் போன் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் நகல் கிடைக்கும்.

தஞ்சாவூர் வாசகர்: கைமாற்றாக வாங்கிய 2 லட்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். புரோநோட்டு அவரிடமே இருக்கிறது.

இன்றே போய் வாங்குங்கள். "முழுதும் பெற்றுக்கொண்டேன்" என்று அதிலேயே எழுதி, தேதி போட்டு, அவர் கையெழுத்திட வேண்டும். வெற்றுக் காசோலை கொடுத்திருந்தால் அதையும் திருப்பி வாங்குங்கள்.

ஈரோடு வாசகர்: வீட்டுக்கடன் ஃபைல் எத்தனை வருஷம் வைக்கணும்?

முதல் பதிலைப் படியுங்கள்.

மதுரை வாசகர்: எந்த வங்கியில் இப்போது வட்டி குறைவு?

அது இங்கே பேச வேண்டியதில்லை.

புதிதாகக் குடித்தனம் வைத்தவர்: வீட்டில் எப்படி அடுக்குவது? அழகான ஃபைல் எல்லாம் வாங்கிப் பார்த்தேன், ஒரு மாதம்கூட நிற்கவில்லை.

வகைக்கு ஒரு ஃபைல் என்று பிரித்தால் நிற்காது, எங்கே வைப்பது என்று யோசிக்க வைக்கும் எதுவும் நிற்காது. மூன்று உறை போதும். முதலாவது, தூக்கிப் போடவே கூடாதவை: பத்திரம், மூலப்பத்திரம், பட்டா, கடன் முடித்த ஐந்து காகிதங்கள், நகை வாங்கிய பில். இரண்டாவது, இந்த நிதியாண்டு. வரும் சீட்டை எல்லாம் பிரிக்காமல் அதில் போட்டுக்கொண்டே வாருங்கள். வரிக் கணக்குத் தாக்கல் செய்த அன்று அதைக் கொட்டி, ஏ.டி.எம். சீட்டு, பால் கணக்கு எல்லாம் கழித்துவிட்டு, மீதியை ஒரு கவரில் போட்டு மேலே "2024-25, 2033-ல் கிழிக்கலாம்" என்று எழுதுங்கள். அந்தக் கவர்கள் சேரும் இடம்தான் மூன்றாவது. ஒவ்வொரு வருடமும் ஒரு கவர் உள்ளே போகும், பிற்பாடு ஒரு கவர் வெளியே வரும். குண்டூசியை எடுத்துவிடுங்கள், மழைக்காலத்தில் துருப்பிடித்துத் தாளை அரிக்கும். பரணில் வைக்காதீர்கள்.

அதே வாசகர்: பத்திரத்தை லேமினேட் செய்து வைத்தால் பாதுகாப்பு இல்லையா?

மேலேயே சொன்னேன், வேண்டாம். சூட்டில் ஒட்டிய படலத்தைப் பிரிக்க முடியாது. பின்பக்கத்தில் சார்பதிவாளரின் முத்திரையைத் தடவிப் பார்க்க முடியாது, அடுத்த குறிப்பை எழுதவும் இடமிருக்காது. வங்கியில் அதை நீட்டினால் சந்தேகத்தோடுதான் வாங்குவார்கள். ஏற்கனவே செய்திருந்தால் பிரிக்க முயற்சிக்காதீர்கள், சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் ஒன்று வாங்கி அதோடு சேர்த்து வையுங்கள்.