'பத்தாம் தேதி'ன்னா எந்தப் பத்து? பத்திரிகைத் தேதி பத்தின கேள்விகளும் பதில்களும்

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்துல இருபது வருஷத்துக்கு மேல ப்ரூஃப் பாக்குறவன் நான். பேர்ல எழுத்துப்பிழை வந்தா சண்டை வரும், ஆனா ஜனங்க மண்டபத்துக்கு வந்துடுவாங்க. தேதி குழம்பினா ஆளே வராது. இந்தத் தடவை வந்த கேள்விங்க பெரும்பாலும் இதைச் சுத்தித்தான், ஒண்ணொண்ணா பாப்போம்.

கேள்வி: எங்க வீட்டுக் கல்யாணம் 2026 வைகாசி 10. தாத்தா போன்ல எல்லாருக்கும் "பத்தாம் தேதி, ஞாயித்துக்கிழமை"ன்னு சொல்லிட்டார். பெரியம்மா வீட்டுல மே 10-க்கு ட்ரெயின் டிக்கெட்டே போட்டுட்டாங்க. கிழமையும் சொல்லியிருக்காரே, அப்புறம் எப்படிங்க இந்தக் குழப்பம் வந்துச்சு?

தாத்தா மேலயும் தப்பில்ல, பெரியம்மா மேலயும் தப்பில்ல. 2026-ல சித்திரை 1 வந்தது ஏப்ரல் 14, சித்திரைக்கு 31 நாள், அதனால வைகாசி 1 வர்றது மே 15. அங்கிருந்து எண்ணினா வைகாசி 10 மே 24, ஞாயித்துக்கிழமை. இப்ப காலண்டர்ல மே 10-ஐப் பாருங்க, அதுவும் ஞாயித்துக்கிழமைதான்! தமிழ் மாசம் இங்கிலீஷ் மாசத்தோட 15-ஆம் தேதி பொறந்தா ரெண்டுக்கும் நடுவுல சரியா 14 நாள் வித்தியாசம், அதாவது ரெண்டு முழு வாரம், அதனால எந்த நம்பரைச் சொன்னாலும் ரெண்டுலயும் ஒரே கிழமைதான் வரும். 2026 தை மாசமும் இதே கதை, பொங்கல் ஜனவரி 15-ல வந்துச்சு இல்லையா, தை 11-ஆம் நாளும் ஞாயிறு, ஜனவரி 11-ஆம் தேதியும் ஞாயிறு. சித்திரை மாதிரி 14-ஆம் தேதி பொறக்கிற மாசத்துல வித்தியாசம் 13 நாள்தான், அங்க கிழமை இடிக்கும், யாராவது "அன்னிக்குத் திங்கக்கிழமைல்ல வருது"ன்னு கேட்டுருவாங்க, தப்பு அங்கயே மாட்டிக்கும். கிழமையும் ஒத்துப்போற மாசத்துலதான் யாருக்குமே சந்தேகம் வராது, அதான் வம்பு.

அதனால போன்ல சொல்லும்போது வெறும் நம்பரைச் சொல்லவே கூடாது. "வைகாசி பத்து, மே இருபத்திநாலு, ஞாயித்துக்கிழமை"ன்னு மூணையும் ஒரே மூச்சுல சொல்லணும், கேக்குறவங்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லணும்.

பத்திரிகைல வழக்கமா "வைகாசி மாதம் 10-ந் தேதி"ன்னு பெருசா போட்டு, பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள 24.05.2026-ன்னு பொடி எழுத்துல போடுவாங்க. எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது. தமிழ்த் தேதியே தெரியாத பேரனுக்கு அந்தப் பொடி எழுத்துதான் ஆதாரம், பாட்டிக்கு அது கண்ணுலயே படாது, அப்புறம் ரெண்டு பேரும் ஆளுக்கொரு நாளைப் பிடிச்சுக்குவாங்க. ரெண்டையும் ஒரே அளவு எழுத்துல, ரெண்டு வரியா போடுங்க:

பராபவ வருடம், வைகாசி மாதம் 10-ஆம் நாள்
2026 மே மாதம் 24-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை

கவனிச்சீங்களா, தமிழுக்கு "நாள்", இங்கிலீஷுக்கு "தேதி". நான் ப்ரூஃப் பாக்குற பத்திரிகை எல்லாத்துலயும் இப்படித்தான் பிரிச்சு வைக்கிறேன், யாரும் சொல்லிக்குடுத்த விதி இல்ல, ஆனா வேலை செய்யுது. ரெண்டு இடத்துலயும் மாசத்தோட பேரு எழுத்துல இருக்கணும், அது மட்டும் கட்டாயம்.

எண்ணும்போது இன்னொரு சறுக்கல் உண்டு. 24-ல 15-ஐக் கழிச்சா 9, உடனே "வைகாசி 9"ன்னு எழுதிக் கொண்டுவர்றவங்க எத்தனை பேர் தெரியுமா! முதல் நாளையும் சேர்த்து எண்ணணும், கழிச்சதுக்கு அப்புறம் ஒண்ணு கூட்டணும். இதெல்லாம் எதுக்கு, மே 24-க்கு உண்டான காலண்டர் தாளைப் பாருங்க, தமிழ்த் தேதி அதுலயே இருக்கும்.

கேள்வி: முகூர்த்தம் விடியக்காலை 4.30-லேர்ந்து 6. "ஞாயிறு விடியற்காலை"ன்னு போட்டா எங்க ஆச்சி "அப்ப திங்கக்கிழமை விடியும்போதா?"ன்னு கேக்குறாங்க. அவங்களுக்கு வயசாயிடுச்சு, அதனாலயா?

வயசெல்லாம் காரணமில்லீங்க, ஆச்சி பஞ்சாங்கக் கணக்குல சரியாத்தான் கேக்குறாங்க. நமக்கு நடுராத்திரி 12-க்கு நாள் மாறுது, பஞ்சாங்கத்துக்கு சூரியன் உதிக்கும்போதுதான் மாறும். அந்தக் கணக்குல ஞாயித்துக்கிழமைங்கிறது ஞாயிறு உதயத்துலேர்ந்து திங்கள் உதயம் வரைக்கும், அதுக்குள்ள வர்ற 4.30 மணி எதுன்னா ஞாயிறு ராத்திரி தாண்டி வர்ற 4.30 தான். நீங்க நினைக்கிற 4.30 அவங்க கணக்குல இன்னும் சனிக்கிழமை. ஆக ஒரு முழு நாள் தள்ளிப் போயிரும், மண்டபத்துல வாழைமரம் கூட இருக்காது.

இதுக்குப் பழைய ஆளுங்களே ஒரு வழி வச்சிருக்காங்க: "சனிக்கிழமை இரவு, விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை, காலை 4.30 மணிக்கு மேல் 6.00 மணிக்குள்". "விடிந்தால்"ங்கிற அந்த ஒரு சொல்லுல எல்லாம் தீர்ந்துச்சு. இப்ப பசங்க டிசைன் பண்ணும்போது இடம் பத்தலைன்னு முதல்ல தூக்குறது இதைத்தான், விடாதீங்க. முந்தின நாள் சாயங்காலம் வரவேற்பு இருந்தா அதையும் தனியா, அதுக்குண்டான ரெண்டு தேதியோட போடுங்க, அதாவது வைகாசி 9, மே 23, சனிக்கிழமை மாலைன்னு. "முந்தைய நாள் மாலை"ன்னு மட்டும் போட்டா எதுக்கு முந்தைய நாள்னு மறுபடி கேள்வி வரும்.

அப்ப 4.30 மணிக்கு வைகாசி 9-ஆ 10-ஆன்னு சிலர் நுணுக்கமா கேப்பாங்க. கறாரா பாத்தா அந்த நேரத்துக்கு இன்னும் 9 தான். ஆனா பத்திரிகைல 10-ன்னே போடுங்க, ஏன்னா படிக்கிறவங்க ஞாயித்துக்கிழமைத் தாளைத்தான் பாப்பாங்க, அதுல 10-ன்னுதான் இருக்கும். திதி, நட்சத்திரம் மட்டும் ஐயர் முகூர்த்த நேரத்துக்கு எதை எழுதிக் குடுக்கிறாரோ அப்படியே போட்டுருங்க, அதுல நாம கை வைக்க வேணாம்.

கேள்வி: 2027 ஜனவரி கடைசில கல்யாணம். வருஷம் பராபவவா, பிலவங்கவா?

பராபவ. தமிழ் வருஷம் ஜனவரியில மாறாது, சித்திரை 1-ல தான் மாறும். பராபவ 2026 ஏப்ரல் 14-ல பொறந்தது, 2027 பங்குனி முடியுற வரைக்கும் அதேதான். தை, மாசி, பங்குனி கல்யாணங்கள்ல இந்தத் தப்பு வந்துக்கிட்டே இருக்கு, பழைய பத்திரிகைல பேரை மட்டும் மாத்தி அடிக்கிறதால வர்றது. சில வீடுகள்ல திருவள்ளுவர் ஆண்டும் போடுவாங்க, அது இங்கிலீஷ் வருஷத்தோட 31 கூட்டினா வரும், அது தையில மாறும். ஆக 2027 தையில திருவள்ளுவர் ஆண்டு 2058 ஆயிரும், பராபவ மட்டும் அப்படியே இருக்கும். ரெண்டையும் ஒரே பத்திரிகைல போடுறவங்க இதைக் கொஞ்சம் நிதானமா பாருங்க.

கேள்வி: பொண்ணு வீட்டுக் காலண்டர்ல ஒரு தமிழ்த் தேதி, எங்க ஐயர் குடுத்ததுல ஒரு நாள் முன்னப்பின்ன. எதைப் போடுறது?

ஒருத்தர் வாக்கியப் பஞ்சாங்கம், இன்னொருத்தர் திருக்கணிதம் பாக்குறாங்கன்னு அர்த்தம். சூரியன் அடுத்த ராசிக்குள்ள போற நேரத்தை வச்சுத்தான் மாசம் பொறக்குது, அந்த நேரம் சூரிய அஸ்தமனத்துக்கு முன்னாடி வந்தா அன்னிக்கே முதல் நாள், அப்புறம் வந்தா மறுநாள். ரெண்டு பஞ்சாங்கமும் அந்த நேரத்தைக் கணக்குப் போடுறதுல கொஞ்ச மணி நேரம் வித்தியாசம் இருக்கும், அந்த வித்தியாசம் அஸ்தமனத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா விழுந்துச்சுன்னா அந்த மாசம் முழுக்க ஒரு நாள் தள்ளியே ஓடும்.

முகூர்த்தத்தை ஐயர் சொன்னபடி வச்சுக்கோங்க. பத்திரிகைல தமிழ்த் தேதி மட்டும், வர்றவங்க வீட்டுச் சுவத்துல தொங்குற காலண்டர்ல என்ன இருக்கோ அதைப் போடுங்கன்னு சொல்வேன். தமிழ்த் தேதியை இங்க போடுறதே அவங்க சரிபாத்துக்கிறதுக்குத்தான். ரெண்டு வீட்டுக்கும் ரெண்டு பத்திரிகை அடிச்சா ரெண்டுலயும் ஒரே தேதி இருக்கணும், ஐயரோடதுல ஒண்ணு, காலண்டரோடதுல ஒண்ணுன்னு போயிட்டா ரெண்டையும் வாங்கின சொந்தக்காரங்க அதை மட்டுமே பேசுவாங்க.

கேள்வி: வெளிநாட்டுல இருக்கிற அக்கா "05.06.2026-ன்னா மே 6-ஆ?"ன்னு கேக்குறா.

அமெரிக்காவுல மாசத்தை முதல்ல எழுதுவாங்க, அதான். நம்பருக்கு நடுவுல புள்ளி வைக்காம மாசத்தை எழுத்துல போட்டா இந்தக் கேள்வியே வராது, மேல சொன்ன ரெண்டு வரி முறையே இதுக்கும் மருந்து.

கேள்வி: அப்பா 1967 ஜனவரி கடைசில, தை மாசம் பொறந்தவர். அறுபதாம் கல்யாணப் பத்திரிகைல நாங்க போட்ட தேதியும் அவர் பர்த்டேவும் ஒத்துவரலை, அத்தைங்க எல்லாம் தேதி தப்புன்னு போன் பண்றாங்க.

தப்பில்ல. அப்பா பொறந்தது பராபவ வருஷம் தை, அந்தப் பேரு அறுபது வருஷம் சுத்தி மறுபடி வர்றது 2026 சித்திரையில, அதுல தை மாசம்னா 2027 ஜனவரி, பிப்ரவரி. அந்தத் தையில அவரோட ஜென்ம நட்சத்திரம் என்னிக்கு வருதோ அன்னிக்குத்தான் விசேஷம், அது பர்த்டேவோட சேராம போறதுதான் சாதாரணம். அத்தைங்க பர்த்டேவை வச்சுப் பாக்குறாங்க, நீங்க நட்சத்திரத்தை வச்சுப் போட்டிருக்கீங்க. பத்திரிகைல தமிழ் நாளுக்குப் பக்கத்துலயே "ஜென்ம நட்சத்திரமான இன்ன நட்சத்திரம் கூடிய நாளில்"னு ஒரு வரி சேத்துட்டு, கீழ இங்கிலீஷ் தேதியும் கிழமையும் போட்டுருங்க. ஏற்கெனவே அடிச்சு முடிச்சாச்சுன்னா அந்த வரியை மட்டும் வாட்ஸப்ல அத்தைங்களுக்கு அனுப்புங்க, போன் வர்றது நின்னுரும்.