அட்டைப்பெட்டியில் அச்சிட்ட 525

அன்புள்ள ஐயா,

என் கணவருக்கு டிசம்பரில் 45 வயது நிறைகிறது. வானியல் நூல்களாக வாங்கிப் படிக்கிறார், ஆனால் எந்தக் கருவியும் இல்லை. அவருக்குத் தெரியாமல் ஒரு தொலைநோக்கி வாங்கித் தர நினைக்கிறேன். இணையக் கடையில் 525 மடங்கு பெரிதாகக் காட்டும் ஒன்றைப் பார்த்தேன், விலையும் குறைவு. வாங்கலாமா? இல்லை, சேமித்துப் பெரிதாகவே வாங்கிவிடலாமா?

எஸ்., திருச்சி

*

அன்புள்ள எஸ்.,

வாங்க வேண்டாம். அந்த 525 எப்படி வருகிறது என்று பாருங்கள். தொலைநோக்கியின் குவியத் தொலைவை, கண் வைத்துப் பார்க்கும் வில்லையான ஐபீஸின் குவியத் தொலைவால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். இந்த வகைக் கருவிகளில் குழாய் பெரும்பாலும் 700 மில்லிமீட்டர், சிறிய ஐபீஸ் 4 மில்லிமீட்டர், வகுத்தால் 175. கூடவே மும்மடங்காக்கும் பார்லோ வில்லை ஒன்றைப் போட்டுத் தருவார்கள். 175-ஐ மூன்றால் பெருக்கினால் 525. கணக்கில் பொய் இல்லை. ஆனால் முன்வில்லையின் விட்டம் 60 மில்லிமீட்டர்தான். விட்டத்தைப் போல இருமடங்குவரை, அதாவது 120 வரைதான் உருப்பெருக்கம் பயன்படும். அதற்கு மேல் போனால் பிம்பம் பெரிதாகி, மங்கி, குழம்பும். புதிதாக எந்த விவரமும் தெரியாது. போதாததற்குப் பூமி வேறு சுழல்கிறது. 525-இல் வியாழனைப் பிடித்தால் ஏறக்குறைய இருபது வினாடியில் அது பார்வையை விட்டு ஓடிவிடும். திரும்பப் பிடிக்கத் தொட்டால் அந்த மெல்லிய முக்காலி ஆடும், ஆட்டம் அடங்குவதற்குள் கோள் மறுபடி போயிருக்கும். இரண்டு மாதத்தில் கருவி பரணுக்குப் போய்விடும்.

டிசம்பருக்கு ஒரு 10x50 பைனாகுலர் வாங்குங்கள். 10 என்பது உருப்பெருக்கம், 50 என்பது முன்வில்லையின் விட்டம். வான்நோக்கலுக்கு 7x50 சிறந்தது என்று பழைய நூல்களில் இருக்கும், உங்கள் கணவரும் படித்திருப்பார். அதிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம் 7 மில்லிமீட்டர். நாற்பதைத் தாண்டிய பலருக்கு இருட்டிலும் கண்மணி அவ்வளவு விரியாது, மிச்ச ஒளி வீண்தான். 10x50-இல் அது 5 மில்லிமீட்டர், கண்ணுக்குள் முழுதாகப் போகும். கார்த்திகைக் கூட்டமும், ஓரியனின் வாளில் இருக்கும் நெபுலாவும், கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டால் வியாழனின் நிலவுகளும் தெரியும். சனியின் வளையம் தெரியாது, அதை முன்பே சொல்லிவிடுங்கள்.

வந்ததும் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். கையை நீட்டிப் பிடித்து வெளிச்சமான சுவரை நோக்கிக் காட்டினால், கண் வைக்கும் பக்கம் சிறு ஒளிவட்டம் தெரியும். அதன் ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம்போல இருந்தால் உள்ளே இருப்பது மலிவான முப்பட்டகம். பிறகு தொலைவில் உள்ள ஒரு விளக்கைப் பாருங்கள். இரண்டாகத் தெரிந்தாலோ கண் வலித்தாலோ குழாய்கள் ஒரே நேராக இல்லை. உடனே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பெரிய தொலைநோக்கியை ரகசியமாக வாங்காதீர்கள். அதை மாடிக்குத் தூக்கப்போகிறவர் அவர்தான். என் தேர்வு, 6 அங்குல டாப்சோனியன், அதாவது முக்காலி இல்லாமல் பெட்டியில் உட்காரும் ஆடித் தொலைநோக்கி. 150 மில்லிமீட்டர் கண்ணாடி, 1200 மில்லிமீட்டர் குவியத் தொலைவு. 25 மில்லிமீட்டர் ஐபீஸ் போட்டால் 48 மடங்கு. சனியின் வளையம் தனியாகத் தெரிய இதுவே போதும். 10 மில்லிமீட்டர் போட்டால் 120. இந்த அமைப்பைப் பரவலாக்கிய ஜான் டாப்சன், சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மடத்துத் துறவியாக இருந்தவர். மடத்தில் இருந்தபோதே கழிவுக் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார். அட்டைக்குழாய், ஒட்டுப்பலகைப் பெட்டி, அவ்வளவுதான் அவர் கருவி. பெட்டி தரையில் உட்கார்ந்திருக்கும், ஆடாது.

அதே விலைக்கு, வானம் நகர்வதற்கு ஈடாக ஒரே அச்சில் திருப்பும் ஈக்வடோரியல் தாங்கியுடன் ஒன்று கிடைக்கும், கடைக்காரர் அதைத்தான் புகழ்வார். அதன் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்க வேண்டும். திருச்சியில் அந்த நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 11 பாகைதான் மேலே இருக்கும். பக்கத்து வீடோ தென்னை மரமோ மறைத்துவிடும். அச்சை அவ்வளவு தாழ்த்தினால் சிறிய தாங்கிகளில் எதிர் எடைக் கம்பி முக்காலியின் காலில் இடிப்பதும் உண்டு.

டாப்சோனியனிலும் வேலை இருக்கிறது. மாடித்தளம் பகல் வெயிலை விடாமல் வைத்திருப்பதால், மாலையில் பிம்பம் கொதிநீர்போல நடுங்கும். ஒன்பது மணிக்கு மேல் பார்க்கச் சொல்லுங்கள், கருவியை அரைமணி முன்னரே வெளியே வைக்கச் சொல்லுங்கள். ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பார்வையின் நடுவில் வைத்துக் குவியத்தைச் சற்றுக் கலைத்தால் வளையங்கள் தெரியும். அவை ஒருமையத்தில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், கண்ணாடியின் பின்புறத் திருகுகளைச் சரிசெய்ய வேண்டும். ஒரு மாலையில் கற்றுக்கொள்ளக் கூடியதுதான்.

எந்தக் கருவி வந்தாலும், பெட்டிக்குள் ஐபீஸில் திருகும் சிறிய கறுப்புச் சூரிய வடிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பரிசைச் சுற்றிக் கட்டும் முன்பே உடைத்து எறியுங்கள். குவிந்த வெயிலின் சூட்டில் அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிசல் விடும், கண் போய்விடும். சூரியனைப் பார்க்கும் வடிகட்டி குழாயின் முன்வாயை முழுதாக மூடுவதாக இருக்க வேண்டும். பைனாகுலரென்றால் இரண்டு வாய்களுக்கும்.