"ஸ்பாட் அட்மிஷன், இன்றே பணம் கட்டுங்கள்" என்றால்?

கேள்வி: சார், எங்கள் ஊர் பாலக்கோடு. மகன் பிளஸ் டூவில் வேதியியலில் போய்விட்டான், துணைத்தேர்வில் பாஸ் ஆகிவிட்டான். கணிதம் 52, இயற்பியல் 41, வேதியியல் 46. எம்.பி.சி., எங்கள் வீட்டில் யாரும் பட்டம் படித்ததில்லை. கலந்தாய்வு முடிந்துவிட்டது, ஸ்பாட் அட்மிஷனில் சீட் இருக்கிறது, இன்றே 15,000 கட்டி டிசியைக் கொடுங்கள் என்று ஒரு பொறியியல் கல்லூரி ஆள் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: இன்று கட்ட வேண்டாம். உங்கள் மகனுக்குக் கலந்தாய்வு இன்னும் முடியவில்லை.

முடிந்தது பொதுக் கலந்தாய்வுதான். அதற்குப் பிறகு மீந்த இடங்களுக்கு அரசே துணைக் கலந்தாய்வு என்று ஒன்று நடத்துகிறது. துணைத்தேர்வில் தேர்ச்சி பெற்றவர்களுக்காகத்தான் முக்கியமாக அது இருக்கிறது. பொதுக் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்காமல் விட்டவர்களும் வரலாம். ஏற்கெனவே இடம் பெற்றுச் சேர்ந்துவிட்டவர்கள் வர முடியாது. பதிவு tneaonline.org தளத்தில். அதற்குச் சில நாட்கள்தான் தருவார்கள், அதனால் தினமும் ஒரு தடவை அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

மதிப்பெண் போதுமா என்று பார்ப்போம். மூன்று பாடமும் சேர்த்து 300-க்கு 139, அதாவது 46 சதவீதத்துக்குச் சற்று மேல். பொதுப் பிரிவினருக்கே 45 இருந்தால் போதும், எம்.பி.சி.க்கு 40. தகுதியில் சிக்கல் இல்லை. கட்-ஆஃப் 200-க்கு 95.5 வரும் (கணிதம் அப்படியே 52, மற்ற இரண்டும் பாதி பாதி). இதற்குக் கேட்ட கல்லூரி, கேட்ட பிரிவு என்று எல்லாம் கிடைக்காது. ஆனால் தனியார் கல்லூரிகளில் காலி இடம் நிறையவே இருக்கும். எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை காலி என்ற பட்டியலும் அந்தத் தளத்திலேயே வரும். உங்களிடம் பேசிய கல்லூரியின் நான்கு இலக்கக் கலந்தாய்வு எண்ணைக் கேட்டு வாங்கி, அதே பட்டியலில் தேடுங்கள். அங்கே காலி என்று இருந்தால், அவர் "ஸ்பாட்" என்று விற்கும் இடத்தையே உங்கள் மகன் கலந்தாய்வு வழியாகக் கேட்கலாம்.

இதில் என்ன வித்தியாசம் என்று தோன்றும். வித்தியாசம் பணத்தில் இருக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை, தனியார் கல்லூரியில் ஆண்டுக்கு 25,000 ரூபாய், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேர்ந்தால் மட்டுமே. கல்லூரி தானாகச் சேர்த்துக்கொள்ளும் இடம், பெயர் ஸ்பாட் ஆனாலும் கணக்கில் மேனேஜ்மென்ட் கோட்டாதான். நான்கு வருடத்துக்கு ஒரு லட்சம் போய்விடும். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் அப்படித்தான், கலந்தாய்வில் மட்டுமே கிடைக்கும்.

அரூரிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா போன வருடம் ரசீதோடு என்னிடம் வந்தார். ரசீதில் "முன்பதிவு" என்று ஒரே ஒரு சொல். பாடப்பிரிவும் இல்லை, கல்விக் கட்டணம் என்றும் இல்லை. டிசியும் மதிப்பெண் பட்டியலும் கல்லூரி பீரோவில். துணைக் கலந்தாய்வுப் பதிவு நடந்துகொண்டிருந்த அந்த நாட்களில், அவர் அசல் சான்றிதழ்களைத் திரும்ப வாங்குவதற்காக மூன்று முறை பஸ் ஏறினார். கைக்குக் கிடைத்தபோது பதிவு முடிந்திருந்தது. இப்படி நடக்கக் கூடாது என்றுதான், தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇயின் விதியே இருக்கிறது. கல்லூரி அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது, கடைசித் தேதிக்கு முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். புகார் கொடுத்தால் பணம் வரும். போன தேதி வராது.

இப்போதே செய்ய வேண்டியது முதல் தலைமுறைச் சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் விஏஓ, வருவாய் ஆய்வாளர், தாசில்தார் அலுவலகம் என்று போய்த்தான் வரும், நாளாகும். மூத்த பிள்ளை யாராவது ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்திருந்தால் கிடைக்காது, அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சாதிச் சான்று, துணைத்தேர்வு மதிப்பெண் பட்டியல் இரண்டையும் ஸ்கேன் செய்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

செட்டிக்கரை, பர்கூர் அரசுக் கல்லூரிகளில் ஏதாவது பிரிவு மீந்திருந்தால் கலந்தாய்வு விருப்பப் பட்டியலில் அதை முதலில் வையுங்கள். அங்கே சேர இந்த வழிதான். அந்தக் கல்லூரிகளில் ஸ்பாட்டில் சீட் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

துணைக் கலந்தாய்விலும் பிடித்த இடம் வரவில்லை என்றால், அப்புறம் அதே கல்லூரிக்குப் போய்ப் பேசலாம். அப்போதும் காலி இருக்கும், உங்களுக்குப் பேரம் பேசும் இடமும் இருக்கும். ஆண்டுக் கட்டணம், பாடப்பிரிவு, கல்லூரிக் கணக்கின் பெயர் மூன்றும் ரசீதில் இருந்தால் மட்டும் பணம் கொடுங்கள். அன்றைக்கும் டிசி நகலைத்தான் கொடுத்துப் பாருங்கள், அசலை சேர்க்கை உறுதியான பிறகு கொடுக்கலாம்.