ரவுட்டரில் 5400, போனில் 1201: மீதி வேகம் எங்கே போகிறது?

கேள்வி: புதிதாக ஏஎக்ஸ்5400 ரவுட்டர் வாங்கினேன். ஆறு ஆன்டெனா இருக்கிறது. பக்கத்திலேயே நின்று பார்த்தாலும் போனில் இணைப்பு வேகம் 1201 Mbps-ஐத் தாண்டவில்லை. ரவுட்டர் பழுதா, போன் பழுதா?

பதில்: இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. 1201 வருகிறதென்றால், உங்கள் போன் தன்னால் முடிந்த உச்சத்தில் ஓடுகிறது என்று அர்த்தம்.

முதலில் அந்த 5400-ஐப் பிரித்துப் பார்த்துவிடுவோம். அது ஒரே இணைப்பின் வேகம் அல்ல. 5 கிகாஹெர்ட்ஸ் பேண்டின் உச்சம் 4804, 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்டின் உச்சம் 574. இரண்டையும் கூட்டினால் 5378. அதை மேலே முழுமையாக்கி 5400 என்று அட்டைப்பெட்டியில் போடுகிறார்கள். ஏஎக்ஸ் என்பது குறிக்கும் வைஃபை 6-இல் ஓர் இணைப்பு ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் ஓடும். ஆகவே 574-ஐ இப்போதே ஒதுக்கிவிடலாம். மிச்சம் 4804.

இந்த 4804-இல் நான்கு ஸ்ட்ரீம்கள் இருக்கின்றன. ரவுட்டரின் ஆறு ஆன்டெனாக்களில் 5 கிகாஹெர்ட்ஸுக்கான நான்கும், ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில், நான்கு வெவ்வேறு தரவுகளை அனுப்பினால்தான் அந்த எண் வரும். உங்கள் போனில் இருப்பதோ இரண்டு ஆன்டெனா. "நான்கு அனுப்பினால் இரண்டையாவது பிடித்துக்கொள்ளாதா?" என்று தோன்றும். பிடிக்காது. அந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், மொத்த விஷயமும் அங்கேதான் இருக்கிறது.

ரவுட்டரின் முதல் ஆன்டெனா x என்ற எண்ணையும் இரண்டாவது y என்ற எண்ணையும் ஒரே நேரத்தில் அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் இரண்டும் கலந்துவிடும். போனின் ஒவ்வொரு ஆன்டெனாவும் கலவையைத்தான் கேட்கிறது. ஆனால் அவை இருக்கும் இடம் வேறு என்பதால், சுவரிலும் தரையிலும் பட்டு வரும் அலைகள் வேறு வேறு விகிதத்தில் கலந்து வந்து சேர்கின்றன. முதல் ஆன்டெனாவுக்கு 3x + y = 11 என்றும், இரண்டாவதுக்கு x + 2y = 12 என்றும் கிடைத்தது என்போம். பள்ளியில் போட்ட கணக்குதான்: x = 2, y = 5. இரண்டு தரவும் சுத்தமாகப் பிரிந்துவிட்டன. அந்த 3, 1, 1, 2 என்ற விகிதங்கள் போனுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு பாக்கெட்டின் தொடக்கத்திலும், இரு பக்கமும் முன்பே அறிந்த ஒரு மாதிரி சிக்னலை ரவுட்டர் அனுப்புகிறது. அது எப்படி மாறி வந்தது என்பதை வைத்து போன் விகிதங்களைக் கண்டுபிடிக்கிறது.

இப்போது ஓர் ஆன்டெனாவை எடுத்துவிடுங்கள். கையில் 3x + y = 11 மட்டும். இதற்கு 2, 5 விடை. 3, 2-ம் விடை. 1, 8-ம் விடை. எது உண்மை என்று சொல்ல வழியே இல்லை. நான்கு ஸ்ட்ரீமை இரண்டு ஆன்டெனாவில் வாங்குவதும் இதே கதி: தெரியாதவை நான்கு, சமன்பாடு இரண்டு. எவ்வளவு வேகமான சிப் போட்டாலும் இது தீராது. அதனால்தான் இணையும்போதே போன் தன்னால் எத்தனை ஸ்ட்ரீம் வாங்க முடியும் என்று ரவுட்டரிடம் சொல்லிவிடுகிறது. ரவுட்டரும் அதற்கு மேல் அனுப்புவதில்லை. 4804 பாதியாகி 2402 ஆவது இங்கேதான்.

அடுத்த பாதி சேனல் அகலத்தில் போகிறது. 4804 என்பது 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கான கணக்கு. நிறைய போன்கள் 5 கிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே பயன்படுத்தும். 80-இல் ஒரு ஸ்ட்ரீமின் உச்சம் 600.5. இரண்டுக்கு 1201. உங்கள் எண் அப்படியே வந்துவிட்டது.

போனில் நான்கு ஆன்டெனா வைத்தால் என்ன என்று கேட்கலாம். 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் ஐந்தரை சென்டிமீட்டர். ஆன்டெனாக்களுக்கு இடையே அதில் பாதியாவது இடைவெளி இருப்பது நல்லது. ரொம்ப நெருங்கினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கலவையைக் கேட்கும். இரண்டு சமன்பாடும் ஒன்றுபோல ஆகிவிட்டால், சின்ன இரைச்சல்கூட விடையைக் கெடுத்துவிடும். அதே விளிம்பில் மொபைல் நெட்வொர்க், ஜிபிஎஸ் ஆன்டெனாக்களுக்கும் இடம் வேண்டும். அப்புறம், ஒவ்வொரு ஸ்ட்ரீமுக்கும் தனி ரேடியோ சுற்று வேண்டும். அது பேட்டரியைத் தின்னும். அதனால் போன்கள் இரண்டோடு நின்றுவிடுகின்றன.

ரவுட்டரின் கூடுதல் ஆன்டெனா வீண் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அதே இரண்டு ஸ்ட்ரீமை நான்கு ஆன்டெனாக்களும் சேர்ந்து உங்கள் போன் இருக்கும் பக்கம் குவித்து அனுப்ப முடியும். போன் பேசும் மெல்லிய சிக்னலையும் நான்கு காதால் கேட்கின்றன. உச்ச எண் கூடாது. ஆனால் இரண்டு அறை தள்ளிப் போனாலும் வேகம் அவ்வளவாக விழாது. அந்தப் பயன் நிஜமானது.

போனில் தெரியும் எண்ணை வைத்தே நிலைமையைச் சொல்லிவிடலாம். ரவுட்டரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, போனைக் கையால் மூடாமல் வைத்துப் பாருங்கள். 1201 வந்தால் சரி. 600 அல்லது 601 வந்தால் ஒரே ஸ்ட்ரீம் ஓடுகிறது: போனில் ஓர் ஆன்டெனாதான் இருக்கலாம், அல்லது இரண்டாவது சரியாக வேலை செய்யாமல் இருக்கலாம். அவ்வளவு பக்கத்தில் 573, 574 வந்தால், 2.4 கிகாஹெர்ட்ஸில் மாட்டியிருக்கிறது அல்லது சேனல் அகலம் 40-இல் இருக்கிறது. அதை ரவுட்டர் அமைப்பில் மாற்றலாம். தூரம் போகப் போக 960, 720 என்று இறங்குவது இயல்பு. சிக்னல் குறையும்போது ஒவ்வொரு துடிப்பிலும் குறைவான பிட்டுகளை ஏற்றி அனுப்புகிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. 1201 வந்தாலும் உண்மையில் கிடைப்பது பெரும்பாலும் 700 முதல் 850 வரைதான். ஒரே சேனலில் இரு பக்கமும் மாறி மாறிப் பேச வேண்டும், ஒவ்வொரு தொகுப்புக்கும் "வந்தது" என்று பதில் சொல்ல வேண்டும், பக்கத்து நெட்வொர்க் பேசி முடிக்கக் காத்திருக்க வேண்டும். இணைய வேகத்தைக் கலக்காமல் இதை அளக்க, வேகம் அளக்கும் iperf3 என்ற நிரலைக் கணினியிலும் போனிலும் நிறுவி, ரவுட்டரில் கேபிள் போட்ட கணினியில் முதல் கட்டளையையும், போனில் இரண்டாவதையும் ஓட்டுங்கள். முகவரியில் உங்கள் கணினியுடையதைப் போடுங்கள்.

```
iperf3 -s
iperf3 -c 192.168.1.10 -R -P 4
```

700-க்கு மேல் வந்தால் தேட வேண்டியது ஒன்றும் இல்லை. 160 மெகாஹெர்ட்ஸ் உள்ள போன் வாங்கினால் 2402 காட்டும். ஆனால் கணினி மாட்டியிருக்கும் போர்ட் ஒரு கிகாபிட் என்றால், அந்தக் கேபிள் வழியே 940-க்கு மேல் எதுவும் வராது. உங்கள் இணைய இணைப்பும் ஒரு கிகாபிட்டுக்குள் இருந்தால், அந்தப் புதிய போன் காட்டும் வித்தியாசம் 800-க்கும் 940-க்கும் நடுவில் உள்ளதுதான்.